ரைட்டிங் டெஸ்ட் எவ்வளவு நீளம், எந்த வடிவம் என்று ரெக்ரூட்டரிடம் கேட்கலாமா?

கேள்வி: "கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். சென்னையில் டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். 'வியாழக்கிழமை இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு ரைட்டிங் டெஸ்ட் அல்லது கேஸ் ஸ்டடி இருக்கும், தயாராக இருங்கள்' என்று ரெக்ரூட்டர் ஒற்றை வரி மெயில் போட்டிருக்கிறார். எத்தனை பக்கம், வேர்டிலா பிபிடியிலா, ஒன்றும் இல்லை. கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ? கேட்கலாம் என்றால் எப்படி?"

கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள். சென்னையில் பல வருடங்களாக டாக்குமென்டேஷன் டீமில் இருக்கிறேன். இந்த மாதிரி டெஸ்ட்டுகளுக்குக் கேள்வி தயாரிப்பதும், வந்த விடைகளைத் திருத்துவதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த வரையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். விடையைத் திருத்துபவர் நிரப்பும் படிவத்தில் 'முன்கூட்டியே சந்தேகம் கேட்டாரா' என்று ஒரு கட்டமே கிடையாது. பெரும்பாலும் நீங்கள் கேட்டதே அவர் காதுக்குப் போகாது, போனாலும் அவர் அதை நல்லதாகத்தான் எடுத்துக்கொள்வார். ஏனென்றால் இந்த வேலையே அதுதான். ஒரு ஹெல்ப் பக்கம் எழுதச் சொன்னால், யார் படிக்கப் போகிறார்கள், எங்கே வரப் போகிறது, எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமல் எந்த ரைட்டரும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய மாட்டார். ரெக்ரூட்டர் என்ன நினைப்பார் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் எரிச்சல் பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: காலையில் ஒரு மெயில், மதியம் ஒரு வாட்ஸ்அப், சாயங்காலம் இன்னொரு கேள்வி என்று தவணை முறையில் கேட்பதற்கு. கேட்பதை ஒரே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதற்கு முன், அந்த ரெக்ரூட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர் ஒரே நேரத்தில் பல வேலைகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். டெவலப்பர், சேல்ஸ், டெஸ்டர், அப்புறம் நீங்கள். டெஸ்ட்டை அவர் தயாரிக்கவில்லை, அநேகமாக அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். அவரிடம் இருப்பது ஒரு காலண்டர், ஒரு லிங்க், டாக்குமென்டேஷன் மேனேஜரின் பெயர். அந்த ஒற்றை வரி மெயில் உங்களைச் சோதிக்க எழுதியது கிடையாது, அவருக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் கேள்வியின் வடிவம் தானாக மாறிவிடும். உங்கள் மெயிலை உண்மையில் படித்துப் பதில் சொல்லப் போகிறவர் மேனேஜர். அவர் இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே போனில் பார்ப்பார். ஆகவே ரெக்ரூட்டர் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அப்படியே ஃபார்வர்ட் செய்யும்படியும், மேனேஜர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடும்படியும் இருக்க வேண்டும். கன்சல்டன்ஸி மூலமாகப் போகிறீர்கள் என்றால் நடுவில் இன்னும் ஒருவர் கூடுகிறார், அப்போது இது இன்னும் முக்கியம். நடுவில் இருப்பவர் உங்கள் கேள்வியைத் தன் வார்த்தையில் சுருக்கினால் 'கேண்டிடேட் டெஸ்ட் பற்றிக் கேட்கிறார்' என்றுதான் மேலே போய்ச் சேரும். அதற்கு வரும் பதிலும் அதே தரத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது, உங்களுக்கு வந்த வரியில் 'ரைட்டிங் டெஸ்ட் அல்லது கேஸ் ஸ்டடி' என்று இருக்கிறதே, அங்கேதான் பெரிய குழப்பம். எழுத்து வேலைகளில் கேஸ் ஸ்டடி என்றால் மூன்று விதமான சமாசாரங்களைச் சொல்வார்கள். ஒன்று, ஒரு பிரச்சினையைக் கொடுத்து நேரில் பேசவைப்பது. 'எங்கள் ஹெல்ப் சென்டரில் மக்கள் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்' என்பது போல. இதில் எழுத எதுவும் இல்லை, வெள்ளைப் பலகையும் பேச்சும்தான். இரண்டு, அதே மாதிரிப் பிரச்சினையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, சில ஸ்லைடுகளோடு வந்து விளக்கச் சொல்வது. மூன்று, ஒரு வாடிக்கையாளர் நம் மென்பொருளை வாங்கி எப்படிப் பயனடைந்தார் என்று மார்க்கெட்டிங் டீம் எழுதும் கதை. அதற்கும் பெயர் கேஸ் ஸ்டடிதான். வாடிக்கையாளரின் சிக்கல், நாம் தந்த தீர்வு, கிடைத்த பலன் என்ற வரிசையில் போகும். டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு மூன்றாவது வருவது குறைவு. ஆனால் சின்ன கம்பெனிகளில் ஒரே ஆள் ஹெல்ப் பக்கமும் எழுதி வலைப்பதிவும் எழுத வேண்டியிருக்கும், அங்கே வரலாம். இந்த மூன்றுக்கும் தயாராவது மூன்று வெவ்வேறு வேலை. அதனால் நீளத்தைக் கேட்பதற்கு முன்னால் இது எது என்று தெரிந்தாக வேண்டும்.

நீளம் என்று வரும்போது, முதலில் கேட்க வேண்டியது நேரம். எத்தனை வார்த்தை, எத்தனை பக்கம் என்பது அப்புறம்தான். இது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். காரணம் என்னவென்றால், டெஸ்ட் தயாரிக்கும் எங்களில் பலர் வார்த்தைக் கணக்கே யோசிப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் எழுதி முடிக்கக்கூடியதா என்றுதான் பார்க்கிறோம். 'எத்தனை வார்த்தை' என்று கேட்டால் மேனேஜர் அந்த நிமிடத்தில் மனதில் தோன்றிய ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். நேரத்தைக் கேட்டால் காலண்டரைப் பார்த்து உண்மையான பதில் தருவார். நேரம் தெரிந்தால் நீளம் கிட்டத்தட்டத் தானாக வந்துவிடும். அது எப்படி என்று கீழே ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன்.

மெயில் இப்படி இருக்கலாம். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறீர்கள், இங்கே சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"வணக்கம். வியாழக்கிழமை இன்டர்வியூவுக்கு வருகிறேன், தகவலுக்கு நன்றி. டெஸ்ட்டுக்குத் தயாராவதற்கு நான்கு விஷயங்கள் தெரிந்தால் உதவும். (1) இது கொடுத்த நேரத்துக்குள் எழுதும் டெஸ்ட்டா, ஒரு பிரச்சினையைப் பேசி விளக்கும் கேஸ் ஸ்டடியா? (2) எவ்வளவு நேரம், எதிர்பார்க்கும் நீளம் ஏதாவது உண்டா? (3) எதில் எழுத வேண்டும்: வேர்ட், கூகுள் டாக்ஸ், வேறு ஏதாவது? என் லேப்டாப்பா, உங்கள் கணினியா? (4) எழுதியதை அதன் பிறகு இன்டர்வியூவில் விளக்க வேண்டியிருக்குமா? வேறு தகவல் இல்லையென்றால், சுமார் ஒரு மணி நேரத்தில் ஒன்று அல்லது ஒன்றரைப் பக்கம் வேர்டில் எழுதுவது என்ற கணக்கில் தயாராகிறேன். இதை டாக்குமென்டேஷன் மேனேஜருக்கே அனுப்பிக் கேட்பது எளிது என்றால் அப்படியே செய்யலாம்."

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கடைசிக்கு முந்தைய வாக்கியம். 'வேறு தகவல் இல்லையென்றால் இப்படித் தயாராகிறேன்' என்று நீங்களே ஒரு ஊகத்தை எழுதிவைக்கிறீர்கள். மேனேஜருக்கு அது தவறாகப் பட்டால் உடனே திருத்துவார். வெற்றுக் கேள்விக்குப் பதில் எழுதச் சோம்பல் படுகிறவர்கூட, தப்பான ஊகத்தைப் பார்த்தால் கை பரபரக்கத் திருத்திவிடுவார், அதுவும் எடிட்டிங் தொழிலில் இருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். சரியாக இருந்தால் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை வரும், அல்லது எதுவும் வராது. எதுவும் வராவிட்டாலும் எதை வைத்துத் தயாரானேன் என்று எழுத்தில் சொன்னதாக இருக்கும்.

நான்காவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எழுதியதை விளக்க வேண்டும் என்றால், எழுதும்போதே 'இதை ஏன் இங்கே வைத்தேன், அதை ஏன் விட்டேன்' என்று தனியாக இரண்டு வரி குறித்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் கழித்து மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க முடியாது. டெஸ்ட் முடிந்த உடனே இன்டர்வியூ என்றால் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

மெயிலுக்குப் பதிலாகப் போன் வந்தால், அது நம் ஊரில் அடிக்கடி நடப்பதுதான், அங்கே ஒரு பழக்கமான பதில் காத்திருக்கும்: "சின்ன டெஸ்ட்தான் மேடம், பேசிக்தான், ஒண்ணும் கவலைப்படாதீங்க." இதில் தகவல் எதுவும் இல்லை. ஆனால் அதற்காக வாதாட வேண்டாம். திறந்த கேள்வியை விட்டுவிட்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேளுங்கள். "சரிங்க. அரை மணி நேரமா, ஒரு மணி நேரத்துக்கு மேலயா?" "ஆபீஸ்ல வந்து எழுதறதா, லிங்க் அனுப்புவீங்களா?" டெஸ்ட்டைப் பார்க்காதவருக்குக்கூட இந்த இரண்டுக்கும் பதில் தெரியும், ஏனென்றால் மீட்டிங் அறையை எவ்வளவு நேரத்துக்குப் பதிவு செய்தார் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். போனை வைத்த பிறகு, பேசியதை இரண்டு வரியில் மெயில் போட்டுவிடுங்கள். போனில் சொன்ன 'ஒரு மணி நேரம்' டெஸ்ட் அன்று நாற்பத்தைந்து நிமிடமாக மாறியிருப்பது அபூர்வம் இல்லை. அப்படி மாறினால் தாளில் இருப்பதுதான் கணக்கு, அங்கே விவாதிக்காதீர்கள். ஆனால் முன்பு என்ன சொன்னார்கள் என்பது எழுத்தில் இருப்பது நல்லது.

இனி, வரும் பதில்களை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். உங்களுக்கு '90 நிமிடம், ஒன்றிரண்டு பக்கம், கூகுள் டாக்ஸ்' என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம். டெஸ்ட்டில் ஒரு மென்பொருளின் டெமோ கணக்கைக் கொடுத்து, 'ஒரு நிறுவனத்தின் அட்மின், தன் ஊழியர் ஒருவருக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை எப்படி ரீசெட் செய்வது என்று ஒரு ஹெல்ப் கட்டுரை எழுதுங்கள்' என்று கேட்கிறார்கள். டெக்னிக்கல் ரைட்டர் டெஸ்ட்டுகளில் மிகச் சாதாரணமான வகை இது. தொண்ணூறு நிமிடமும் எழுதுவதற்கு என்று நினைத்தால் அங்கேயே சறுக்கல். முதல் இருபது, இருபத்தைந்து நிமிடம் அந்தத் திரைகளில் நீங்களே ஒருமுறை ரீசெட் செய்து பார்க்கப் போய்விடும், போக வேண்டும். எந்த பட்டனை அழுத்தினால் எந்தப் பெட்டி திறக்கிறது, உறுதி கேட்கிறதா, ஊழியருக்கு மெயில் போகிறதா என்று குறிப்பு எடுக்க வேண்டும். பத்து நிமிடம் வரிசையை யோசிக்க. கடைசி இருபது நிமிடம், எழுதியதை மட்டும் படித்துக்கொண்டு, தெரிந்ததை மறந்துவிட்டு, முதல் அடியிலிருந்து மறுபடி செய்து பார்க்க. எழுதுவதற்கு மிச்சம் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் ஒழுங்காக வருவது முந்நூறிலிருந்து நானூறு ஆங்கில வார்த்தைகள். எண்ணிட்ட படிகளும் இடைவெளியும் சேர்ந்தால் அது ஒரு பக்கத்தைத் தாண்டி, ஒன்றரைப் பக்கத்துக்குள் நிற்கும். 'ஒன்றிரண்டு பக்கம்' என்ற பதிலோடு சரியாகப் பொருந்துகிறது பாருங்கள். மேனேஜர் சொன்ன பக்கக் கணக்கு எங்கிருந்தோ வந்த விதி இல்லை, இந்த வேலையின் இயல்பான அளவே அதுதான்.

அந்த ஒன்றரைப் பக்கத்தில் என்ன இருக்கும்? இது எப்போது தேவைப்படும் என்று ஒரு வாக்கியம்: ஊழியர் போனைத் தொலைத்துவிட்டார் அல்லது மாற்றிவிட்டார். யார் செய்யலாம், எந்த அனுமதி வேண்டும் என்று ஒரு வரி. அப்புறம் ஏழெட்டுப் படிகள், ஒவ்வொன்றும் ஒரு செயல். முடிந்ததும் ஊழியருக்கு என்ன தெரியும் என்று ஒரு வரி. ரீசெட் செய்வதற்கு முன், கேட்பவர் உண்மையில் அந்த ஊழியர்தானா என்று உறுதி செய்துகொள்ளும்படி ஒரு எச்சரிக்கை. இந்த எச்சரிக்கையை எழுதுகிறவரை நான் தனியாகக் குறித்துக்கொள்வேன். சப்போர்ட் வேலையில் இருந்த உங்களுக்கு இது எளிதில் தோன்றும், அந்த அனுபவம் இங்கே உங்களுக்குப் பெரிய பலம். இதே கேள்விக்கு நான்கு பக்கம் எழுதுகிறவர்களும் உண்டு. முதல் பக்கம் முழுக்க இரண்டடுக்குச் சரிபார்ப்பின் வரலாறும் இணையப் பாதுகாப்பின் அவசியமுமாக இருக்கும். படிகள் மூன்றாம் பக்கத்தில் தொடங்கும். அவசரத்தில் இருக்கும் அட்மினுக்கு அது எதற்கு? நீளம் கூடினால் உழைப்பு தெரியும் என்று நினைத்து எழுதுகிறார்கள், திருத்துகிறவர் கண்ணில் படுவது வெட்டத் தெரியாத கை.

'லிமிட் எதுவும் இல்லை, உங்களுக்குச் சரியென்று படும் அளவு எழுதுங்கள்' என்று பதில் வந்தால் அதை முழுச் சுதந்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை உங்களிடம் விட்டிருக்கிறார்கள், அதைத்தான் பார்க்கப் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இப்போதும் நேரக் கணக்குதான் துணை. எண்ணாகவே ஒரு வரம்பு சொல்லியிருந்தால், '500 வார்த்தை' என்றால், அதை மேல் எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதம் கூடலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது சில கல்லூரிக் கட்டுரைகளுக்கான வழக்கம், கம்பெனிகளில் அப்படிப் பொதுவிதி எதுவும் கிடையாது. ஐந்நூறுக்குள் அடங்கவில்லை என்றால், கடைசியில் 'இடம் கருதி விட்டவை' என்று ஒரு வரி போட்டு, எதையெல்லாம் தனிப் பக்கமாக எழுதுவீர்கள் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது பிடிக்கும். எல்லாருக்கும் பிடிக்குமா என்றால், பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும் என்பது வரைதான் சொல்லத் துணிவேன்.

வடிவத்தைப் பற்றி வரும் பதிலிலும் மறைந்திருக்கும் தகவல் உண்டு. வேர்ட் என்றார்கள், கூடவே 'எடிட்டிங்' என்ற வார்த்தையும் வந்தது என்றால், மோசமாக எழுதப்பட்ட ஒரு பத்தியைக் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கலாம். அங்கே `Track Changes` போட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். கூகுள் டாக்ஸ் என்றால் அதற்குச் சமமானது `Suggesting` நிலை. இதைப் போடாமல் நேரடியாகத் திருத்திவிட்டால், என்ன மாற்றினீர்கள் என்பதைத் திருத்துகிறவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துத் தேட வேண்டியிருக்கும், அவர் தேட மாட்டார். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு வடிவத்தைச் சொன்னார்கள் என்றால், அந்த டீம் டெவலப்பர்களைப் போலவே, மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் என்ற மென்பொருளில் ஃபைல்களை வைத்து வேலை செய்கிறது, ஏபிஐ பற்றிய கேள்வி வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று கொள்ளலாம். உறுதி இல்லை, ஆனால் அந்தப் பக்கம் ஒரு மாலைப்பொழுதைச் செலவழிப்பது வீண் போகாது. பிபிடி என்றார்கள் என்றால் அது எழுத்து டெஸ்ட்டே இல்லை, மேலே சொன்ன இரண்டாம் வகை கேஸ் ஸ்டடி. அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: பேசுவதற்கு எத்தனை நிமிடம்? பதினைந்து நிமிடம் என்றால் ஏழெட்டு ஸ்லைடுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் கூகுள் டாக்ஸிலிருந்தே லிங்க் அனுப்பச் சொன்னால், அனுமதியை `Anyone with the link` என்று மாற்றிவிட்டு, வேறொரு பிரவுசரில் லாகின் செய்யாமல் திறந்து பாருங்கள். மேனேஜர் திறக்கும்போது அனுமதி கேட்கும் பக்கம் வந்து நின்றால், அவர் அடுத்த விடைத்தாளுக்குப் போய்விடுவார், உங்களுடையது நாளைக்குத் தள்ளிப்போகும். சின்ன விஷயம்தான், ஆனால் திரும்பத் திரும்ப நடக்கிறது.

கேட்கக் கூடாதது என்று பெரிய பட்டியல் எதுவும் இல்லை. தலைப்பு என்ன, போன தடவை என்ன கேட்டார்கள், நல்ல விடைக்கு ஒரு மாதிரி தர முடியுமா, இவற்றைத் தவிர்க்கலாம். கன்சல்டன்ஸிகளில் சிலர் முன்பு போனவர்களிடம் கேட்டுப் பழைய கேள்விகளைத் தாங்களாகவே அனுப்புவார்கள். வகையைப் புரிந்துகொள்ள ஒருமுறை பார்க்கலாம், அதையே மனப்பாடம் செய்துகொண்டு போவது ஆபத்து, கேள்வியை நாங்கள் மாற்றிக்கொண்டே இருப்போம். 'எதை வைத்து மதிப்பிடுவீர்கள்' என்பது நடுவில் நிற்கும் கேள்வி. சில மேனேஜர்கள் 'தெளிவும் வரிசையும் பார்ப்போம்' என்று சொல்வார்கள், பலர் பதிலே சொல்ல மாட்டார்கள். அதை விட, 'எந்த ஸ்டைல் கைடைப் பின்பற்றுகிறீர்கள்' என்று கேட்பது பலன் தரும். மைக்ரோசாஃப்ட்டின் எழுத்து நடைக் கையேடும், டெவலப்பர் ஆவணங்களுக்கான கூகுளின் கையேடும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிலில் இரண்டில் ஒன்றின் பெயர் வந்தால், அதில் படிகள் எழுதுவது பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். ஆனால் இது ஐந்தாவது கேள்வி. நான்கோடு நிறுத்துவதே நல்லது என்பது என் கட்சி. போனில் பேசும் வாய்ப்பு வந்தால் கேளுங்கள்.

உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், ஆனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். பதிலில் 'டெஸ்ட்டை வீட்டிலிருந்து எழுதி அனுப்புங்கள், இரண்டு நாள் அவகாசம்' என்று வந்தால், அந்த இரண்டு நாள் கெடு மட்டுமே, இரண்டு நாள் வேலை என்று அர்த்தம் ஆகாது. அப்போது கேட்க வேண்டியது, 'இதற்கு எத்தனை மணி நேரம் செலவிடுவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள்' என்பது. இரண்டு மூன்று மணி நேரம் என்றால் நியாயம். கம்பெனியின் உண்மையான தயாரிப்புக்கு ஒரு முழு யூசர் கைடு, பத்துப் பதினைந்து பக்கம் என்று வந்தால், 'இதில் ஒரு அத்தியாயத்தை மட்டும் முழுமையாக எழுதி, மற்றவற்றுக்கு உள்ளடக்கப் பட்டியல் தரலாமா' என்று பணிவாகக் கேளுங்கள். உண்மையாகவே ஆள் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் சரி என்பார்கள், அவர்களுக்கும் பதினைந்து பக்கம் படிக்க நேரம் இல்லை. எழுதியதை அவர்கள் பயன்படுத்திக்கொள்வார்களோ என்ற பயத்துக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர்தான் முதல் உரிமையாளர். வேலையில் இருக்கும்போது வேலைக்காக எழுதியது முதலாளிக்குப் போகும், ஆனால் நீங்கள் இன்னும் ஊழியர் இல்லை. உரிமையை மாற்றித் தருவதும் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஆகவே டெஸ்ட்டோடு ஏதாவது ஒப்பந்தம் அனுப்பிக் கையெழுத்துக் கேட்டால், அதில் உரிமை மாற்றம் பற்றி வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் போனால் வக்கீலிடம் கேட்க வேண்டிய விஷயம், நான் எழுத்துக்காரன்.

இன்னொரு எல்லையும் சொல்ல வேண்டும். நான் சொன்னதெல்லாம் டாக்குமென்டேஷன் வேலைகளுக்கு. மேனேஜ்மென்ட் கன்சல்டிங் கம்பெனிகளின் கேஸ் இன்டர்வியூ வேறு உலகம். அங்கே பெரும்பாலும் வாய்மொழியாகத்தான், அதன் அமைப்பைப் பெரிய கம்பெனிகள் தங்கள் வலைத்தளத்திலேயே விளக்கி, மாதிரிகளும் போட்டிருப்பார்கள். அங்கே முதலில் அதைப் படித்துவிட்டு, அதில் இல்லாததை மட்டும் கேட்பதுதான் முறை.

பதில் வராவிட்டால் என்ன செய்வது? வியாழக்கிழமை டெஸ்ட் என்றால், இன்று மெயில் போட்டுவிட்டு, செவ்வாய் மாலை வரை பொறுங்கள். புதன்கிழமை காலை பத்தரை, பதினொன்றுக்கு ஒருமுறை போன் செய்யுங்கள். அந்த நேரத்தில்தான் ரெக்ரூட்டர்கள் அன்றைய பட்டியலைக் கையில் வைத்திருப்பார்கள். எடுக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், மூன்றாவது முறை வேண்டாம். மெயிலில் எழுதிய அதே ஊகத்தோடு, ஒரு மணி நேரம், ஒன்றரைப் பக்கம் என்ற கணக்கில், நீங்கள் தினமும் சப்போர்ட்டில் விளக்கும் ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்து, கடிகாரம் வைத்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். டெஸ்ட் அன்று லேப்டாப்பும் சார்ஜரும் கையில் இருக்கட்டும், அவர்கள் கணினியே தந்தாலும் நஷ்டம் இல்லை. தாளைக் கொடுத்ததும் யாராவது டீம் ஆள் அறையில் இருந்தால், எழுத ஆரம்பிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "இதைப் படிக்கப் போவது அட்மினா, சாதாரண யூசரா?" அதற்குப் பதில் சொல்ல மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை. ஆள் இல்லையென்றால், விடையின் முதல் வரியில் 'இது அட்மினுக்காக எழுதப்பட்டது' என்று நீங்களே போட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.